விருது வாங்கிய பாலும் செய்திக்குறிப்பில் விடுபட்ட கணக்கும்

"மாவட்ட அளவில் சிறந்த பால் தரத்துக்கான விருதை எங்கள் கிராமப் பால் உற்பத்தியாளர்கள் சங்கம் பெற்றுள்ளது. 'ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காத சுத்தமான பாலை வழங்கியதற்குக் கிடைத்த அங்கீகாரம் இது' என்று சங்கத் தலைவர் மகிழ்ச்சி தெரிவித்தார்."

போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்குறிப்பின் தொடக்கம் இது. 58 உறுப்பினர்கள், காலையில் சுமார் 400 லிட்டர் பால், ஒரு சிறிய குளிரூட்டும் தொட்டி. அவ்வளவுதான் அந்தச் சங்கம். அனுப்பியவர் அதன் செயலாளர். "சார், நாளைக்குப் பேப்பர்காரங்களுக்குக் கொடுக்கணும். ஒரு தடவை பார்த்துக் கொடுத்திடுங்க" என்றார்.

எழுதிய முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வரியில் செய்தி, அடுத்த வரியில் ஒருவர் சொன்ன வார்த்தை. பத்திரிகைக்குப் போகும் குறிப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தலைவர் சொன்ன காரணம் தவறு. தண்ணீர் கலக்காததற்காக அந்த விருது கொடுக்கப்படவில்லை. தண்ணீர் கலந்தால் அன்றைக்கே சொசைட்டி வாசலில் எஸ்.என்.எஃப். குறைந்து பிடிபட்டுவிடும், அதற்கான விலையும் குறைந்துவிடும். விருதுக்காகப் பார்த்தது வேறு. பாலில் எத்தனை கிருமி இருக்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

தலைவர் ஏதோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தச் செய்தியைப் பக்கத்து ஊர் சங்கங்கள் படிக்கும். "நாமும்தான் தண்ணீர் கலக்கவில்லை, நமக்கு ஏன் விருது இல்லை?" என்று கேட்டுவிட்டு அதோடு மறந்துவிடும். உண்மையில் இந்தச் சங்கம் செய்த வேலை என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போகும். அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பதும் தெரியாமல் போகும்.

தமிழ்நாட்டுச் சங்கங்கள் விருது வாங்குவது புதிதல்ல. ஒன்றிய அரசு வழங்கும் தேசிய கோபால் ரத்னா விருதில், சிறந்த பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கான பிரிவில் 2022-ல் மன்னார்குடி சங்கமும் 2023-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் கோவில்பட்டி சங்கமும் மூன்றாம் இடம் பெற்றன. அந்த விருது சங்கத்தின் ஒட்டுமொத்தச் செயல்பாட்டுக்கானது. இப்போது நாம் பேசுவது அதைவிடச் சிறியது. ஒரு சோதனைக் குழாயில் நீல நிறம் எத்தனை மணி நேரம் நின்றது என்பதற்கான விருது.

நீலம் நிற்கும் நேரம்

பால் பண்ணை ஆய்வகங்களில் எம்.பி.ஆர்.டி. என்று ஒரு சோதனை உண்டு. பத்து மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் நீலக் கரைசலை விட்டு, குழாயை மூடி, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைப்பார்கள். நம் உடம்புச் சூடுதான் அது, கிருமிகளுக்கு மிகவும் பிடித்த சூடு. பாலில் கிருமி வளர வளர அதிலுள்ள ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் தீர்ந்தால் நீலம் மறைந்து பால் மறுபடி வெள்ளையாகிவிடும். கிருமி அதிகம் என்றால் சீக்கிரம் வெளுக்கும், குறைவு என்றால் நெடுநேரம் நீலமாகவே நிற்கும்.

இந்தியத் தர நிர்ணய முறைப்படி 5 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அந்தப் பால் மிக நன்று. 3, 4 மணி நேரம் நின்றால் நன்று. 1, 2 மணி நேரம் என்றால் சுமார். அரை மணியிலேயே வெளுத்துவிட்டால் மோசம். நம் ஊர்களில் பெரும்பாலான தொட்டிப் பால் அந்தச் 'சுமார்' வரிசையில்தான் நிற்கிறது. இந்தச் சங்கத்தின் பாலும் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரத்தில் வெளுத்துக்கொண்டிருந்தது. விருதுக்கு எடுத்த மாதிரிகளில் நான்கு மணி நேரம் நின்றிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிருமி பெருகினாலும் பாலின் கொழுப்புச் சத்து மாறாது, எஸ்.என்.எஃப்-ம் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. சொசைட்டியில் இருக்கும் இயந்திரம் இந்த இரண்டையும்தான் பார்க்கிறது. ஆகவே அழுக்குக் கையால் கறந்த 4 சதவீதக் கொழுப்புப் பாலுக்கும், சுத்தமாகக் கறந்த 4 சதவீதக் கொழுப்புப் பாலுக்கும் ஒரே விலை. அந்த ஊரில் முதல் கூட்டம் போட்டபோது ஒரு பெரியவர் எழுந்து, "கையைக் கழுவிட்டுக் கறந்தா லிட்டருக்கு எத்தனை பைசா கூடத் தருவீங்க தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சில பால் நிறுவனங்கள் நீலம் நிற்கும் நேரத்தைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுக்கின்றன. இந்தச் சங்கம் பால் கொடுக்கும் இடத்தில் அது கிடையாது. பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு கேன் செய்யும் வேலை

அந்தக் கூட்டத்தில் நான் சொல்ல முடிந்தது கலப்புக் கணக்கு ஒன்றுதான்.

தொட்டிக்கு 400 லிட்டர் பால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 390 லிட்டர் நல்ல பால், மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி. பச்சைப் பாலுக்கு அது நல்ல எண்ணிக்கைதான், இரண்டு லட்சத்துக்குள் இருந்தாலே மிக நன்று என்று சொல்வார்கள். மீதி 10 லிட்டர் ஒரே ஒரு வீட்டுப் பால். முந்தின நாள் மாலைப் பாலை வைத்திருந்து காலைப் பாலோடு கலந்து கொண்டுவந்தது. அதில் மில்லிக்கு இரண்டு கோடி, அதாவது 200 லட்சம். இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றினால், 390 லிட்டருக்கு 390 பங்கு, 10 லிட்டருக்கு 2,000 பங்கு. மொத்தம் 2,390 பங்கை 400 லிட்டருக்குப் பிரித்தால் மில்லிக்கு கிட்டத்தட்ட 6 லட்சம் வருகிறது.

நாற்பதில் ஒரு பங்கு பால், மொத்தத் தொட்டியின் கிருமியை ஆறு மடங்கு ஆக்கிவிட்டது. குளிரூட்டும் தொட்டி இதைச் சரிசெய்யாது. 4 டிகிரிக்குப் போனால் கிருமி வளர்வது மிகவும் குறையும், இருக்கிற கிருமி சாகாது.

வெயில் காலத்தில் டேங்கர் வரத் தாமதமாகி, மின்சாரமும் போய், தொட்டிப் பால் மொத்தமும் புளித்துத் திரும்பினால் என்ன ஆகும்? ஆவின் 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 38 ரூபாயாக உயர்த்தியது. அந்த விலைக்கே கணக்குப் போட்டாலும் 400 லிட்டருக்கு 15,200 ரூபாய். ஏழு லிட்டர் ஊற்றும் வீட்டுக்கு அன்றைக்கு 266 ரூபாய் போச்சு. அதுவும் ஒழுங்காகக் கறந்தவருக்கும் சேர்த்து. இதைச் சொன்னபோதுதான் கூட்டத்தில் சத்தம் வந்தது. "யார் அந்த ஒரு வீடு?" என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்பது குழாய்கள்

யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. அதே நீலச் சோதனையை, தொட்டிப் பாலுக்குச் செய்யாமல் வீட்டு வீட்டுப் பாலுக்குச் செய்ய வேண்டும். சங்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை 58 குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினர் எண். வெந்நீர்த் தொட்டிக்குப் பதிலாகப் பெரிய பாத்திரம், வெப்பமானி, அவ்வப்போது ஊற்றக் கொஞ்சம் கொதிநீர். செயலாளரும் பால் அளவையாளரும் அரை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதினார்கள். அரை மணி முடிவதற்குள் ஒன்பது குழாய்கள் வெளுத்துவிட்டன. இரண்டு மணி நேரம் கழித்தும் முப்பதுக்கு மேற்பட்டவை நீலமாகவே நின்றன.

அந்த ஒன்பது பெயரையும் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் தடுத்தேன், செயலாளரும் தடுத்தார். அப்படிப் போட்டால் அவர்கள் பாலைத் தனியார் வண்டிக்கு ஊற்றிவிட்டுப் போவார்கள், பழக்கம் மாறாது. அதற்குப் பதிலாக அடுத்த இரண்டு வாரம் நாங்கள் அந்த ஒன்பது வீட்டுக்கும் கறவை நேரத்துக்கே போனோம். விடிகாலை ஐந்து மணிக்குத் தொழுவத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். பகலில் போய்க் கேட்டால் எல்லோரும் "கழுவித்தான் கறக்கிறோம்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்கள் கழுவத்தான் செய்கிறார்கள்.

பிரச்சினையே அந்தக் கழுவலில்தான் இருந்தது. நான்கு வீடுகளில் மாட்டின் மடியை நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, துடைக்காமலே கறந்தார்கள். மடியிலும் தொடையிலும் இருந்த சாணித் தண்ணீர் கையோடு வழிந்து, காம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் விழுந்தது. இதற்குக் கழுவாமல் இருந்தாலே தேவலை. காம்பை மட்டும் கழுவி, சுத்தமான காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு கறக்க வேண்டும். ஒரே துணியால் எல்லா மாட்டையும் துடைத்தால் மடிநோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், மாட்டுக்கு ஒரு துணி வேண்டும். முதல் மூன்று நான்கு பீச்சலைப் பாத்திரத்தில் விடாமல், ஒரு கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள். காம்புத் துளையில் சேர்ந்திருக்கும் கிருமி அதோடு போய்விடும். திரிந்த மாதிரி துகள் தெரிந்தால் மடிநோய் தொடங்குகிறது என்று அன்றைக்கே பிடித்துவிடலாம்.

மூன்று வீடுகளில் குற்றவாளி பாத்திரம். ஒன்றில் பெயின்ட் வந்த பழைய பிளாஸ்டிக் வாளி, உள்ளே முழுக்கக் கீறல். இன்னொன்றில் வாய் குறுகிய பிளாஸ்டிக் கேன், கை உள்ளே போகாது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் அடியில் வழுவழுப்பு. அதுதான் அடையாளம். பால் பாத்திரத்தின் உள்பக்கத்தை விரலால் தேய்த்தால் வழுக்கக் கூடாது, மூடியைத் திறந்ததும் புளித்த வாடை வரக் கூடாது. பால் ஊற்றி வந்த உடனே பச்சைத் தண்ணீரால் ஒருமுறை அலச வேண்டும். எடுத்ததுமே வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும், நாள்பட அதுவே கல் போலப் படியும். அலசிய பிறகு சலவைச் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். சாம்பல், மண், தேங்காய் நார் வேண்டாம். நாம் பெரும்பாலும் கோட்டை விடுவது அந்தக் கவிழ்த்து வைப்பதில்தான். கழுவி, மூடி போட்டு, கொஞ்சம் ஈரத்தோடு நிமிர்த்தி வைத்த கேனில் மாலைக்குள் கிருமி கோடிக்கணக்கில் பெருகிவிடும்.

மீதி இரண்டு வீடுகள் மாலைப் பாலைச் சேர்த்து வைத்துக் கொண்டுவந்தவை. அதில் ஒருவர் வயதான அம்மா, மாலையில் சொசைட்டி வரை நடக்க முடியவில்லை. அவருக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மாலையில் அவர் பாலையும் எடுத்துக்கொண்டு போகிறான், அத்தோடு சரி.

நேரம்

வீடுகளைச் சரிசெய்தபின் நீலம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணிக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. மூன்று மாதம் அங்கேயே நின்றது. காரணம் சங்கத்திலேயே இருந்தது.

கறந்த பாலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் காப்பு உண்டு. நம் ஊர்ச் சூட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிருமி வேகமாகப் பெருகாமல் அது தடுக்கும். அதன் பிறகு வெதுவெதுப்பான பாலில் கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணியில் நாலு மடங்கு, இரண்டு மணியில் பதினாறு மடங்கு, மூன்று மணியில் அறுபத்து நாலு மடங்கு. சுத்தமாகக் கறந்த 20,000 கிருமிப் பால்கூட அந்த மூன்று மணி நேரத்தில் 12.8 லட்சம் ஆகிவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் பாலைக் குளிரவைத்துவிட வேண்டும் என்பதுதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

அந்தச் சங்கத்தில் ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரை வரை பால் வாங்கினார்கள். தொட்டியில் கலக்கியின் இறக்கை மூழ்கும் அளவுக்குப் பால் சேர்ந்தால்தான் குளிரூட்டியை ஓட்ட முடியும். முதலில் வந்த பாலைக் கேனிலேயே வைத்திருந்து, போதுமான அளவு சேர்ந்ததும் மொத்தமாக ஊற்றினார்கள். நாலேகாலுக்குக் கறந்த பால் ஏழு மணி வரை கேனில் வெதுவெதுப்பாக நின்றது. சீக்கிரம் எழுந்து கறந்தவருடைய பால்தான் அதிகம் கெட்டது. இதைவிட வேடிக்கை என்ன வேண்டும்?

பால் வாங்கும் நேரத்தை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை என்று ஒரு மணி நேரமாகச் சுருக்கினார்கள். எழுதுவது சுலபம், செய்ய நான்கு மாதம் ஆனது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கும் அந்த நேரம் ஒத்துவரவில்லை. இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள், பிறகு ஒருவர் திரும்பி வந்தார். ஜெனரேட்டருக்கு டீசல் செலவை யார் ஏற்பது என்று தனிச் சண்டை. கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் தொட்டி ஓடத் தொடங்கியது. இப்போது கடைசிப் பால் ஊற்றி மூன்று மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு வந்துவிடுகிறது. நீலம் நான்கு மணியைத் தொட்டது இதற்குப் பிறகுதான்.

இந்த விருது பார்க்காதவை

நான்கு மணி நேரம் நீலம் நின்றால் அந்தப் பால் எல்லா வகையிலும் தரமானது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தச் சோதனையை ஏமாற்றவும் முடியும், அது தானாக ஏமாறவும் செய்யும்.

மடிநோய்க்குக் காம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக் டியூப் மருந்து பாலில் இறங்கும். அந்தப் பாலில் கிருமி வளராது. ஆகவே நீலம் நெடுநேரம் நிற்கும், தரம் உயர்ந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது குடிக்கக் கூடாத பால், தயிர்கூட உறையாது. மருந்துக் குப்பியின் அட்டையில் எத்தனை மணி நேரம் பாலைத் தவிர்க்க வேண்டும் என்று போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும், ஊசி போட்டவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பில் மட்டும்தான் ஏற்றினோம் என்று மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றுவதும் கூடாது. நான் கால்நடை மருத்துவன் இல்லை, மருந்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று இதைவிட நமக்கு நெருக்கமானது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று தள்ளப்பட்டவை அதில் வெறும் 12. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்-1 என்ற பூஞ்சை நச்சு வரம்பை மீறியவை 368. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் அது வரம்புக்கு மேல் இருந்தது. அதிகமாக இருந்த மாநிலங்களில் நாமும் ஒன்று. "கலப்படமற்ற பால்" என்று தலைவர் சொன்னபோது என் மனதில் ஓடியது இந்த எண்தான். நாம் பெருமைப்படும் இடம் ஒன்று, கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

இந்த நச்சு யாரும் ஊற்றிக் கலப்பதல்ல. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் உருவாகி, மாடு தின்று, பாலில் வருவது. காய்ச்சினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி. ஒரு மாடு நாளைக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்று 10 லிட்டர் பால் தருகிறது என்போம். அந்தத் தீவனத்தில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் நச்சு இருந்தால், மாட்டுக்குள் போவது 250 மைக்ரோகிராம். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு பாலுக்கு வந்தால் 5 மைக்ரோகிராம். பத்து லிட்டருக்குப் பிரித்தால் சரியாக வரம்பில் நிற்கிறது. மழைக்காலத்தில் மூட்டையைச் சுவரோரம் வெறும் தரையில் சாய்த்து வைத்திருந்தால் அந்த வரம்பைத் தாண்டுவது கஷ்டமே இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலும் தெளிந்துவிடும்.

புண்ணாக்குக் கட்டியை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தாலோ, உள்ளே பச்சை, சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தாலோ மாட்டுக்கு வைக்காதீர்கள். நல்ல தீவனத்தோடு கலந்து "தீர்த்துவிடலாம்" என்றும் நினைக்காதீர்கள். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கி, மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வையுங்கள். வாடை இல்லாத தீவனத்திலும் நச்சு இருக்கலாம், அதை ஆய்வகம்தான் சொல்லும். இந்தச் சங்கத்தின் விருதுக்கு இந்தச் சோதனை செய்யப்படவில்லை. நானே ஆய்வகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று மாதத்தில் ஆறு மாதிரி, முன்கூட்டிச் சொல்லாமல் டேங்கர் வந்தபோது எடுத்தது, பார்த்தது கிருமியையும் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்-ஐயும். சொல்லாமல் எடுத்தார்கள் என்பதால் இந்த விருதை நான் மதிக்கிறேன்.

செய்திக்குறிப்பைத் திருத்தியபோது

செயலாளரைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். "சார், இவ்வளவும் பேப்பர்ல போட மாட்டாங்களே" என்றார். உண்மைதான். முதல் இரண்டு வரியை மட்டும் மாற்றுவோம் என்றேன். செய்தி இருக்கட்டும், அதில் எண் ஒன்று வரட்டும். வார்த்தை இருக்கட்டும், அது வேலை செய்தவர் வாயிலிருந்து வரட்டும். வெளுத்த ஒன்பது குழாய்களில் ஒன்று ஒரு அக்காவுடையது. இரண்டு மாடு வைத்திருக்கிறார். தானே முன்வந்து, "என் பேரை வேணா சொல்லிக்குங்க, எனக்கென்ன வெட்கம்" என்றவர். அவரிடம் போய்க் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன்.

கலப்படம் என்ற சொல்லை எடுத்துவிட்டோம். "மிகத் தூய்மையான பால்" என்பதையும் எடுத்துவிட்டோம், அதை யாரும் அளக்கவில்லை. தலைவரின் வார்த்தை மூன்றாவது பத்திக்குப் போனது. அதில் அவர் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும் என்று செயலாளரே சொன்னார். நீலம் நிற்கும் நேரத்துக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று உறுப்பினர் கணக்கில் ஊக்கத்தொகை வேண்டும் என்பதுதான் அது. முதல் கூட்டத்தில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி, இரண்டு வருடம் கழித்துச் சரியான இடத்துக்குப் போகிறது.

இப்போது குறிப்பு இப்படித் தொடங்குகிறது:

"58 உறுப்பினர்கள் கொண்ட எங்கள் கிராமப் பால் உற்பத்தியாளர்கள் சங்கம், மாவட்ட அளவில் பால் தரத்துக்கான விருதைப் பெற்றுள்ளது. முன்னறிவிப்பின்றி எடுக்கப்பட்ட ஆறு மாதிரிகளில், கிருமி அளவைக் காட்டும் நீலச் சாயச் சோதனையில் சங்கத்தின் பால் 4 மணி நேரம் தாங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இது ஒன்றரை மணி நேரமாக இருந்தது. 'மடியைக் கழுவுறோம்னு தண்ணிய ஊத்திட்டு அப்படியே கறந்துக்கிட்டு இருந்தோம். இப்ப துடைச்சிட்டுக் கறக்குறோம், கேனைக் கவுத்து வைக்குறோம். வேற ஒண்ணும் பெருசா பண்ணல' என்றார் இரண்டு கறவை மாடுகள் வளர்க்கும் உறுப்பினர் ஒருவர்."

அந்த அக்கா தன் பெயரையும் போடச் சொல்லிவிட்டாராம். இங்கே நான்தான் விட்டிருக்கிறேன்.